குறைந்த மாதிரி

"குறைஞ்ச மாதிரிதான் தெரியுது, ஐயா." நான் சொன்னது அவ்வளவுதான். மீட்டிங் குறிப்பில் அது "குறைந்துள்ளது" என்று ஏறிவிட்டது.

எங்கள் சர்வே அறிக்கையின் பதினான்காம் பக்கம் திரையில் இருந்தது. மூன்று மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பு உண்டா என்ற கேள்வி. டேபிளில் இந்தியர் பத்தியில் முந்தைய சர்வேயில் 60 சதவீதம், இப்போது 49. பக்கத்திலேயே சார்ட். பிரிக்பீல்ட்ஸில் சேமிப்பு வகுப்பு நடத்தும் அறக்கட்டளைக்காரர் ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குறைஞ்சிருச்சா இல்லையாம்மா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

அந்த 49 சதவீதத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் 68 பேர். அவர்களில் 33 பேர் "உண்டு" என்றார்கள். முந்தைய முறை 70 பேரில் 42. இந்த முறை இன்னும் எட்டுப் பேர் "உண்டு" என்றிருந்தால் 41 ஆகி, மறுபடி 60 சதவீதம்தான். அந்தச் சரிவு முழுவதையும் மாமாக் கடையில் இரண்டு மேசையில் உட்கார வைத்துவிடலாம்.

இது எனக்கு அப்போதே தெரியும். அறிக்கையிலும் இருந்தது, அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில். ஆனால் அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது வேறு: "1,000 பேர், பிழை வரம்பு ±3.1". பொய்யில்லை. ஆயிரம் பேரின் மொத்த விடைக்கு அது சரி. மலேசியாவில் இந்தியரான நாம் ஏறக்குறைய 7 சதவீதம் என்பதால், ஆயிரத்தில் நம்மவர் எழுபது பேர்தான் வருவார்கள். எழுபது பேருக்குப் பிழை வரம்பு ±12. அதாவது அந்த 49 உண்மையில் 37 ஆகவும் இருக்கலாம், 61 ஆகவும் இருக்கலாம். போதாததற்கு, இரண்டு சர்வேயை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஆடுகின்றன. வித்தியாசத்தின் ஆட்டம் 16, 17 புள்ளி வரை போகும். எங்களுக்குக் கிடைத்ததோ 11.

சார்ட்டும் என் கைவேலைதான். பக்கத்தில் இடம் பத்தவில்லை என்று அச்சை 40இலிருந்து தொடங்கினேன். 60க்கு இருபது புள்ளி உயரம், 49க்கு ஒன்பது. பார்க்கிறவர் கண்ணுக்குச் சேமிப்பு பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. ஐயா படித்தது அந்த உயரத்தை. எண்ணை இல்லை.

"தெரியாது" என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அப்புறம் உடனே வேறொன்றும் தோன்றும்: அவர் காசு கொடுத்து சர்வே எடுத்தவர், தெரியாது என்று கேட்கவா அவ்வளவு செலவு? அதோடு, பிழை வரம்புக்குள் இருக்கிறது என்றால் மாற்றமே இல்லை என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே குறைந்திருக்கலாம். எழுபது பேரை வைத்து அதைப் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் நான் சொன்ன வாக்கியம் தப்பே இல்லை. குறைந்த மாதிரிதான் தெரிந்தது. மாதிரியும் குறைவுதான்.

இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்வது பாதி வழி வரைதான் வருகிறது. அந்தக் குறிப்பை வைத்து, வகுப்பால் பலனில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த 68 பேரில் யாராவது அந்த வகுப்புக்குப் போனவரா என்று நாங்கள் கேட்கவே இல்லை. அதையாவது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஐயாவிடம் போனில் விளக்கினேன். "ஆயிரம் பேர்னுதானேம்மா சொன்னீங்க?" என்றார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்தியரில் மட்டும் 400 பேரைக் கூடுதலாகத் தேடி எடுத்து, மொத்தக் கணக்கில் அவர்கள் எடையை மறுபடி 7 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம், அப்போது வரம்பு ±5க்கு வரும் என்றேன். பிழையைப் பாதியாக்கவே ஆட்களை நாலு மடங்காக்க வேண்டும், தமிழ் பேசும் நேர்காணல்காரர்களும் வேண்டும். செலவைக் கேட்டதும், "சரிம்மா, பார்ப்போம்" என்றார்.

இப்போது ஒவ்வொரு பத்தியின் தலையிலும், சதவீதத்துக்கு மேலேயே, எத்தனை பேர் என்று போடுகிறேன். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குகிறேன். போன மாதம் வேறொரு வாடிக்கையாளர் தன் டேபிளில் இந்தியர் பத்தியின் தலையில் இருந்த 71ஐப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மின்னா எதுக்குத் தனியா? 'மற்றவர்'ல சேர்த்துடுங்க" என்றார். முறைப்படி அவர் சொல்வதில் தப்பில்லை. சேர்த்துவிட்டால் யாரும் தப்பாகப் படிக்க முடியாது, நம்மைப் பற்றிப் படிக்கவும் ஒன்றும் இருக்காது.

டேபிளை இன்னும் அனுப்பவில்லை. பத்தி அங்கேயே இருக்கிறது.