செத்த பிறகும் கணக்கில் இருக்கும் ப்ராசஸ்

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், பயனர்கள் ஏற்றும் படங்களைச் சின்ன அளவுக்கு மாற்றித் தரும் ஒரு சர்வீஸ் இருந்தது. சி-யில் எழுதியது. ஒவ்வொரு படத்துக்கும் `fork()` போட்டு ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்கும். அந்தப் பிள்ளை `execvp()` மூலம் படம் மாற்றும் கருவியாக மாறிவிடும்.

இங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. `fork()` ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை அப்படியே நகலெடுக்கிறது. நினைவகப் பக்கங்களை உடனே நகலெடுப்பதில்லை. இருவரில் ஒருவர் ஒரு பக்கத்தில் எழுத வரும்போதுதான் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பிரதி உண்டாகிறது. ஒரே அழைப்பு இரண்டு இடங்களில் திரும்புகிறது: பிள்ளைக்கு 0, தாய்க்குப் பிள்ளையின் எண். `exec` புதிய ப்ராசஸ் எதையும் உருவாக்குவதில்லை. எண் அதேதான், உள்ளே ஓடும் நிரல் மட்டும் மாறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் பிள்ளையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுவது போன்ற ஏற்பாடுகளைச் செய்வோம்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். சர்வீஸ் சில நாட்கள் நன்றாக ஓடும். அப்புறம் திடீரென்று புதிய வேலை எதையும் எடுக்காது. லாகில் இது மட்டும் இருக்கும்:

```
fork: Resource temporarily unavailable
```

மெமரி தாராளமாக இருந்தது, சிபியு சும்மா கிடந்தது. `ps` போட்டுப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாவற்றிலும் `Z`, பக்கத்தில் `<defunct>`. உடன் இருந்தவர் `kill -9` அடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. `Z` என்றால் ஜோம்பி, அதாவது ஏற்கெனவே செத்துப்போன ப்ராசஸ். அதன் மெமரியையும் திறந்திருந்த கோப்புகளையும் கர்னல் எப்போதோ விடுவித்துவிட்டது. மிச்சம் இருப்பது ப்ராசஸ் பட்டியலில் ஒரு பதிவு: அதன் எண்ணும், எப்படி முடிந்தது என்ற குறிப்பும். தாய் வந்து `wait()` மூலம் அதை வாங்கிக்கொள்ளும்வரை கர்னல் பதிவை அழிக்காது. அதுவரை அந்தப் பயனருக்கான ப்ராசஸ் வரம்பில் ஓர் இடமும் போய்விடுகிறது. வரம்பு நிரம்பியதும் `fork()` மறுக்கப்படுகிறது.

மீண்டும் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும். தாய் செத்ததும் அநாதைகளான பதிவுகளை ப்ராசஸ் எண் 1 தத்தெடுத்து, உடனே `wait` போட்டுத் தீர்த்துவிடுகிறது. அதனால்தான் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் என்று பல மாதங்கள் ஓட்டிவிட்டோம்.

எனக்குப் புரியாத விஷயம், எங்கள் நிரலில் `wait` இருந்ததுதான். பிள்ளை செத்தால் கர்னல் தாய்க்கு `SIGCHLD` அனுப்பும். அந்த சிக்னலைக் கையாளும் ஃபங்ஷனில் ஒரு `wait(&st)` இருந்தது. ஒரு சாவுக்கு ஒரு சிக்னல், ஒரு சிக்னலுக்கு ஒரு `wait`. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

தவறு அந்தக் கணக்கிலேயே இருந்தது. இந்த வகை சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. ஒரு `SIGCHLD` தாயிடம் சேராமல் காத்திருக்கும்போது இன்னும் இரண்டு பிள்ளைகள் செத்தாலும், காத்திருப்பது ஒன்றாகவே இருக்கும். மூன்று சாவு, ஒரு சிக்னல், ஒரு `wait`. மிச்சம் இரண்டு ஜோம்பி. அடுத்த சிக்னல் வரும்போது ஒன்றை எடுப்போம், ஆனால் அதே நேரம் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். தேங்கியது ஒருபோதும் குறையாது. கூட்டம் குறைவான சோதனை சர்வரில் இரண்டு பிள்ளைகள் ஒரே கணத்தில் முடிவதே அரிது, அதனால் அங்கே இது கண்ணில் படவே இல்லை.

திருத்தம் இவ்வளவுதான்:

```c
while ((pid = waitpid(-1, &st, WNOHANG)) > 0)
    record(pid, st);
```

செத்தவர்கள் தீரும்வரை எடு, யாரும் இல்லையென்றால் காத்திருக்காமல் திரும்பு. `SIGCHLD`-ஐ `SIG_IGN` ஆக்கினால் கர்னலே பதிவுகளை அழித்துவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அப்போது முடிவுக் குறிப்பும் போய்விடும். எந்தப் படம் தோற்றது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு புகாரும் அப்போது எங்களிடம் நிலுவையில் இருந்தது. படம் தயாராகிவிட்டது, ஆனால் திரையில் நெடுநேரம் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே இருக்கிறது, அதுவும் நாளுக்கு நாள் மோசமாகிறது என்று. அதை வேறொரு குழு டேட்டாபேஸில் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் சர்வரில் `wait` பழைய ஜோம்பியை முதலில் எடுத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் தேங்கியிருந்தால், இன்று முடிந்த படத்தின் குறிப்பு இன்னும் ஆயிரம் சாவுகளுக்குப் பிறகுதான் எங்கள் கைக்கு வரும். திருத்தத்தை ஏற்றிய அன்றே அந்தப் புகாரும் நின்றுபோனது.