யாரும் தீர்மானிக்காத ஜன்னல்

சனிக்கிழமை பிற்பகல் கூலி போடும் நேரம். அந்த நேரத்தில் சைட் இன்ஜினீயர்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னால் யாருக்கும் முகம் மலராது. எங்கள் முதலாளிக்கு அது தெரியாமல் இல்லை. கோவையில் பல வருடங்களாக வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர். இருந்தும் ஒன்பது பேரையும் அழைத்து உட்காரவைத்து, சுவரில் ஒரு வீட்டின் படத்தைப் போட்டார்.

அஸ்திவாரம் முடிந்து பேஸ்மென்ட் மட்டத்தில் நிற்கும் வீடு அது, என் சைட். படத்தில் அது கட்டி முடிந்து, வெள்ளையடித்து, வாசலில் செடி வைத்து, மாலை வெயிலில் பளபளத்தது.

“இதை யார் வரைந்தது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். நாங்கள் வழக்கமாக 3டி எலிவேஷன் செய்து தருபவரின் பெயரைச் சொன்னோம். அவர் இல்லை என்று தலையசைத்தார். “யாரும் வரையவில்லை. ஆர்க்கிடெக்ட் கொடுத்த எலிவேஷன் கோட்டுப்படத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, எப்படி வேண்டும் என்று மூன்று வரி எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.”

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பெருமை பேசப்போகிறார் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பேசியது வேறு. அதே கோட்டுப்படத்தையும் அதே மூன்று வரியையும் வைத்து எடுத்த இன்னும் இரண்டு படங்களைப் பக்கத்தில் போட்டார். மூன்றும் ஒரே வீடு போலத்தான் இருந்தன. “வெளிப் படிக்கட்டை எண்ணுங்கள்” என்றார். முதல் படத்தில் 12 படி, இரண்டாவதில் 15. மூன்றாவதில் படிகள் பாதி தூரம் போய்ச் சுவருக்குள் கரைந்துவிட்டன, எண்ணவே முடியவில்லை.

பிறகு ஒரு விஷயத்தை நிதானமாக விளக்கினார். பழைய 3டி படத்தின் பின்னால் ஒரு மாதிரிக் கட்டடம் இருக்கிறது. பிளானில் உள்ள அளவை வைத்து ஒருவர் கம்ப்யூட்டரில் சுவரை எழுப்பி, ஜன்னலை வெட்டி, அதன்பின் கேமராவை வைத்துப் படம் எடுக்கிறார். முன்பக்கம் இருந்து பார்த்தாலும் மாடியில் இருந்து பார்த்தாலும் அதே ஜன்னல் அதே இடத்தில் இருக்கும். தப்பாக இருந்தாலும் இரண்டு படத்திலும் ஒரே தப்பாக இருக்கும். இந்தப் புதிய படத்துக்குப் பின்னால் கட்டடமே இல்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, ‘வீட்டின் படம்’ எப்படித் தோன்றும் என்று பழகிய ஒரு நிரல், வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, படிப்படியாக அதைத் தெளியவைத்து ஒரு படமாக்குகிறது. அதற்குப் படி என்பது ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் வெளிச்சக் கோடும் நிழல் கோடும்தான். கால் வைத்து ஏறுவது என்கிற விஷயம் அதன் கணக்கில் கிடையாது.

கோட்டுப்படத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்லலாமாம். இறுக்கிப் பிடித்தால் ஜன்னல் அதன் இடத்தில் நிற்கும், ஆனால் படம் உயிரில்லாமல் இருக்கும். தளர்த்திவிட்டால் படம் அழகாக வரும், வீடு வேறாகிவிடும். வாடிக்கையாளருக்குப் பிடிப்பது எப்போதும் இரண்டாவதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

நான் படிக்கட்டை விட்டு நகரவில்லை. என் சைட் ஆயிற்றே. கையில் இருந்த காகிதத்திலேயே கணக்குப் போட்டேன். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். படி உயரம் 6 அங்குலம் என்றால் 20 படி. பத்துப் பத்தாகப் பிரித்தால், பத்தாவது படி மேடையிலேயே ஏறிவிடுவதால் பிரிவுக்கு ஒன்பது மிதிப்பலகை. மிதிப்பலகை 10 அங்குலம், நடுவில் 3 அடி ஓய்வுமேடை வைத்தால் படிக்கட்டின் நீளம் சரியாக 18 அடி. பிளானில் அப்படித்தான் இருக்கிறது. படத்தில் 12 படி. ஒவ்வொன்றும் 10 அங்குலம் உயரம். ஓய்வுமேடை கிடையாது. நீளம் 9 அடி 2 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. மீதி ஏறக்குறைய ஒன்பது அடி இடம் எங்கே போயிற்று? படத்தில் அங்கே இரண்டு ஸ்கூட்டர்கள் அழகாக நின்றன.

பால்கனிக்கு முதலாளியே வந்தார். வாசல் கதவு 7 அடி என்று வைத்துக்கொண்டு திரையில் ஸ்கேலை வைத்து அளந்தார். தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்த பால்கனி சுமார் 8 அடி. அதன் விளிம்பு கதவு உயரத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இல், இப்படித் தூண் இல்லாமல் நீளும் கேன்டிலீவருக்கு நீளத்துக்கும் கனத்துக்கும் அடிப்படை விகிதம் 7. 8 அடியை, அதாவது சுமார் 2,400 மில்லிமீட்டரை ஏழால் வகுத்தால் 343, பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். கம்பியின் அளவைப் பொறுத்து அதைக் குறைக்க வழி உண்டு. ஆனாலும் நான்கு அங்குலத்துக்கு எந்த டிசைனரும் கையெழுத்துப் போடமாட்டார். கோட்டுப்படத்தில் பால்கனி 4 அடிதான். இடம் இருக்கிறதே என்று நிரல் இழுத்துவிட்டிருக்கிறது.

ஆனால் எனக்கு உறைத்தது இவை இரண்டும் அல்ல, ஒரு ஜன்னல். முதல் படத்தில் வலப்பக்கச் சுவரில் தரையில் இருந்து கூரை வரை ஒடுக்கமான கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. கோட்டுப்படத்தில் அந்த இடம் வெறும் சுவர். பின்னால் பூஜை அறை அலமாரி வருகிறது. “இது ஏன் இங்கே என்று யாரைக் கேட்பீர்கள்?” என்றார் முதலாளி. அறையில் சத்தமில்லை.

பல வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் எனக்கு இப்படி ஒன்று நேர்ந்தது. 3டி படத்தில் இருந்த சிறிய ஜன்னலைப் பார்த்து மேஸ்திரி ஒன்பது அங்குலச் சுவரில் வழி விட்டுக் கட்டிவிட்டார். பிளானில் அது இல்லை. படம் செய்தவருக்குப் போன் போட்டேன். “சுவர் வெறுமையாகத் தெரிந்தது சார், நான்தான் சும்மா ஒன்றை வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன்” என்றார். திட்டுவதற்கு ஆள் இருந்தது. அடைத்துக் கட்டிய செலவை யார் தலையில் எழுதுவது என்றும் தெரிந்தது. கோட்டுப்படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒருவர் இருப்பார். தெரியாத இடத்தை அவர் வெறுமையாக விட்டிருப்பார், அந்த வெறுமையே நமக்குக் கேள்வி. இந்தப் படத்தில் வெறுமை என்பதே இல்லை. யாரும் தீர்மானிக்காத இடமும் தீர்மானித்த இடத்தைப் போலவே கூர்மையாக இருக்கிறது.

பிறகு எப்படிப் பயன்படுத்தப்போகிறோம் என்று சொன்னார். வீட்டுக்காரருடன் நடக்கும் முதல் இரண்டு சந்திப்புகளில் மட்டும், அவர் ரசனையைத் தெரிந்துகொள்ள. வெள்ளைச் சுவரா, செங்கல் தெரியும் சுவரா, கம்பிக் கைப்பிடியா, கண்ணாடியா என்பதற்கு மட்டும். ஒரு கோணத்துக்குப் பணம் கொடுத்து நான்கு நாள் காத்திருந்து, அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மனம் மாறும் செலவு இதில் மிச்சம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ‘கட்டுமானத்துக்கு அல்ல’ என்று பட்டையாக அச்சிடப்படும். படத்துடன் ஒரு தாள் இருக்கும். படத்தில் இருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதை அதில் எழுதி வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் இல்லாதது படத்திலும் இல்லை என்று கணக்கு. வீட்டுக்காரரிடம் காட்டுவதற்கு முன்னால் படம் எங்களிடம் வரும். கட்ட முடியாததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு இரண்டு நாளில் திருப்ப வேண்டும். சைட்டின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் படத்தையும் போடக்கூடாது. அங்கே டிராயிங் எண்ணும் திருத்த எண்ணும் தேதியும் உள்ள டிராயிங் மட்டும்.

எங்களில் மூத்தவர் ஒருவர், இன்னும் தூக்குக் குண்டையே நம்புபவர், எழுந்து வெயிலைப் பற்றிக் கேட்டார். வீடு வடக்குப் பார்த்தது. படத்தில் முன்சுவர் முழுக்கப் பக்கவாட்டு வெயில். அதனால்தான் அந்தச் சொரசொரப்பான கல் பதிப்பு எடுப்பாகத் தெரிகிறது. மார்கழியில் வடக்குச் சுவரில் நாள் முழுவதும் வெயிலே விழாது. அந்தக் கல்லுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்தவர், கிரகப்பிரவேசத்தன்று சாம்பல் நிறச் சுவரைப் பார்த்து நம்மைத்தானே கேட்பார்? முதலாளி அதை உடனே குறித்துக்கொண்டார். பேச்சு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தொடர்ந்து மற்றவர்களும் படத்தில் இல்லாதவற்றை அடுக்கினார்கள்: சன்ஷேடு இல்லை, மழைநீர்க் குழாய் இல்லை, ஈ.பி. மீட்டர் பெட்டி இல்லை, ஜன்னல் கம்பி இல்லை, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லை. நம் ஊர் வீட்டை வீடாக்குகிற எல்லாவற்றையும் அந்த நிரல் துடைத்துவிட்டிருந்தது.

வாட்ஸ்அப் விதி நிற்காது என்று எனக்கு அங்கேயே தோன்றியது. நாங்கள் அனுப்பாவிட்டால் என்ன, வீட்டுக்காரர் அனுப்பமாட்டாரா? சொல்லியிருக்கலாம். கூலிக் கவர் நினைவில் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, படிக்கட்டுக்கு இடம் குறிக்கும் நாளில், மேஸ்திரி தன் போனை நீட்டினார். அதே முதல் படம். அடியில் இருந்த பட்டை எழுத்து வெட்டப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் அனுப்பியதாம். “இதில் பன்னிரண்டு படிதான் இருக்கிறது சார். பிளானில் இருபது. எதைச் செய்வது?”

அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். டிராயிங்தான் என்று சொல்லியிருந்தால் அவருடன் முடிந்திருக்கும், வீட்டுக்காரருடன் முடிந்திருக்காது. அவரை மாலையில் வரச் சொன்னேன். அம்மாவையும் அழைத்து வந்தார், நல்லதாயிற்று. மூன்று செங்கலைப் படுக்கையாக அடுக்கி அதன்மேல் ஒரு அங்குலப் பலகையை வைத்தேன். மொத்தம் 10 அங்குலம். பக்கத்தில் இரண்டு செங்கல், 6 அங்குலம்.

“அம்மா, இதில் ஏறிப் பாருங்கள்.”

அந்த அம்மா உயரமான அடுக்கில் ஒரு காலை வைத்தார். மேஸ்திரியின் தோளைப் பிடித்தார். யோசித்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். இரண்டு செங்கல்மீது பிடிமானமில்லாமல் ஏறி இறங்கினார். மகன் எதுவும் பேசவில்லை. பிறகு நான் சுண்ணாம்புத் தூளால் 18 அடிக்குக் கோடு போட்டுக் காட்டினேன். கோட்டின் முனை அவருடைய கேட்டை நெருங்கிப் போயிற்று.

அவர் அந்தக் கோட்டையும் போனில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியானால் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது?” என்றார்.

மறுநாள் காலை ஆர்க்கிடெக்ட்டை சைட்டுக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன்.