நிறுவனம் அனுப்பிய பவர் பேங்க்கும் கடையில் வாங்கிய பவர் பேங்க்கும்

தமிழில் கருவிகளைச் சோதித்துச் சொல்லும் யூடியூப் சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் தன் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கை ரிவ்யூ யூனிட்டாக அனுப்பியது. பணம் எதுவும் பேசப்படவில்லை. சோதனை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவே தவிர, நம் போனுக்கு வந்து சேரும் அளவு அன்று. செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் என்பதால் அதில் இருப்பது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும்போது ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடுகிறது. ஆகவே, எத்தனை வாட்-மணி வெளியே வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் போனைச் சார்ஜ் செய்து பார்த்து அளக்க முடியாது. போனின் பேட்டரி நிறைய நிறைய அது இழுக்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். தவிர, அதே வேளையில் போனும் இயங்கிக்கொண்டிருக்கும். நான் பயன்படுத்துவது, மாறாமல் 2 ஆம்பியர் இழுக்கும் லோடு கருவி ஒன்றும் யூஎஸ்பி மீட்டர் ஒன்றும்.

நிறுவனம் அனுப்பிய யூனிட்டை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிட்டேன். மூன்று முறை செய்ததில் சராசரி 32.6 வாட்-மணி, அதாவது 88 சதவீதம். இந்த விலைக்கு இது மிக நல்ல அளவு. பாராட்டி ஸ்கிரிப்டும் எழுதிவிட்டேன். ஆயினும், நிறுவனம் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்பதால், அதே மாடலைக் கடையில் 1,299 ரூபாய் கொடுத்து வாங்கிச் சோதித்தேன். மீட்டர் காட்டியது 27.6.

முதலில் எழுந்தது கோபம். இரண்டாம் நாள் நிதானமாக மேசையைப் பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது. முதல் யூனிட்டைச் சோதித்தபோது மீட்டரைப் பவர் பேங்க்கின் வாயிலிலேயே செருகியிருந்தேன். இரண்டாவதற்கு ஒரு நீளமான கேபிளின் மறுமுனையில் மாட்டியிருந்தேன். 2 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கேபிளில் மட்டும் 0.3 வோல்ட் இறங்கியது. 5 வோல்ட்டில் அது 6 சதவீத இழப்பு. அந்த 27.6-ஐ அப்படியே வெளியிட்டிருந்தால் ஒரு நிறுவனத்தின் மேல் என் கேபிளின் குற்றத்தைச் சுமத்தியிருப்பேன். மீட்டரை வாயிலுக்கே மாற்றி, அதே அறையில், இரண்டு யூனிட்டுகளையும் மறுபடி மூன்று முறை ஓடவிட்டேன். கடை யூனிட் 29.4 தந்தது; நிறுவனத்தின் யூனிட் பழையபடி 32.6-இலேயே நின்றது. ஏறத்தாழ 19 நிமிடம் முன்னதாகவே கடை யூனிட் அணைந்தது.

எண்களையும் சோதித்த முறையையும் நிறுவனத்துக்கு எழுதி, ஐந்து நாள் அவகாசம் கொடுத்தேன். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் 5 வோல்ட்டில் 5,800 எம்.ஏ.எச். என்றுதான் குறிப்பிட்டிருக்கிறோம், கடை யூனிட் அதற்கு மேலேதானே தருகிறது என்று பதில் வந்தது. கணக்குப் போட்டால் கடை யூனிட் தந்தது 5,880. அவர்கள் சொன்னது உண்மைதான். அந்தப் பதிலைக் காணொளியில் முழுதாகப் படித்துக் காட்டினேன். வெளியிடுமுன் காணொளியைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் மறுத்துவிட்டேன். எண்களில் பிழையிருந்தால் திருத்த இடம் உண்டு, என் கருத்தைத் திருத்த இடம் இல்லை என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், இலவசமாக வரும் பொருளையும் நிறுவனத்துடனான தொடர்பாகவே கருதுகிறது. அதைக் காணொளிக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும் சொல்ல வேண்டும், விவரப் பகுதியில் மட்டும் போட்டால் போதாது என்கிறது. பெரும்பாலோர் பார்ப்பது முதல் நிமிடம்தான் என்பதால், எண் எதுவும் வருமுன்பே, “இரண்டில் ஒன்று நிறுவனம் அனுப்பியது, திருப்பி அனுப்புகிறோம், மற்றொன்று எங்கள் பணத்தில் வாங்கியது, இந்தக் காணொளிக்குப் பணம் வாங்கவில்லை” என்று சொன்னேன். அதே வரிகள் திரையிலும் தமிழில் நின்றன. சோதனைக் காட்சியில் நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கரும் கடை யூனிட்டுக்கு மஞ்சள் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தேன்.

இரண்டே யூனிட்டுகளை வைத்து, வேண்டுமென்றே நல்லதாகப் பார்த்து அனுப்பினார்கள் என்று என்னால் நிறுவ முடியாது. ஒரே மாடலில் லாட்டுக்கு லாட் செல் மாறுவதும் உண்டு. அதனால் அப்படி ஒரு குற்றச்சாட்டைக் காணொளியில் வைக்கவில்லை. ஆனால் பார்ப்பவர் கைக்கு வரப்போவது கடை யூனிட் என்பதால், முடிவில் தந்த மதிப்பெண்ணை 29.4-ஐ வைத்தே போட்டேன். சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு மறுநாளே அந்த யூனிட்டைக் கூரியரில் அனுப்பி, ரசீதின் படத்தைக் காணொளியின் கீழே முதல் கருத்தாகப் பதித்தேன்.