ஆயிரம் கேசிங் வேண்டாம் என்று எழுதிய கதை

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. இரண்டு விஎம்சி மில்லிங் மெஷின், ஒரு சிஎன்சி லேத், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஒரு பெரிய பம்ப் கம்பெனியின் வெண்டர் லிஸ்ட்டில் பெயர் ஏற இரண்டு வருடம் நடந்திருக்கிறேன். அவர்கள் ஆள் வந்து கேஜ்களின் காலிபரேஷன் சான்றிதழ் வரை புரட்டிப் பார்த்த பிறகுதான் வெண்டர் கோட் கிடைத்தது. அங்கிருந்து போன வருடம் விலை கேட்டு ஒரு ஆர்எஃப்கியூ வந்தது. எஃப்ஜி 260 வார்ப்பில் பம்ப் கேசிங், மாதம் 1,000 பீஸ், ஆறு வாரத்தில் சப்ளை தொடங்க வேண்டும். கொட்டேஷனுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

டிராயிங்கைப் பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு விஎம்சி, இரண்டு ஷிப்ட், 25 நாள் என்றால் 400 மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து 800. டூல் மாற்றுவது, செட்டிங், கரண்ட் போவது எல்லாம் கழித்தால் கைக்கு நிற்பது 640. அதில் 540 மணி நேரம் பழைய ஆர்டர்களுக்கே போய்விடுகிறது. கேசிங்குக்கு இரண்டு செட்டப், ஏற்றி இறக்குவதையும் சேர்த்துப் பீஸுக்கு 24 நிமிடம். 1,000 பீஸுக்கு 400 மணி நேரம் வேண்டும், என்னிடம் இருப்பதோ 100. அதில் 250 பீஸ்தான் வரும். புது மெஷின் எடுக்கலாம் என்றால் லோன் கிடைத்து, மெஷின் வந்து இறங்கி, ட்ரையல் பீஸ் பாஸாக எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிடும்.

மச்சானிடம் சொன்னேன். அவரும் பட்டறைக்காரர்தான். "இதுக்கெதுக்குங்க மாப்ள இவ்வளவு யோசனை? ரேட்டை இரண்டு பங்கா ஏத்திப் போடுங்க, தானா போயிரும்" என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ரேட் அவர்கள் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். அடுத்த முறை என் பெயரைப் பார்த்ததும் 'இவன் விலை ஜாஸ்தி' என்று ஒதுக்கிவிடுவார்கள். அதைவிடப் பயம், மற்றவர்கள் யாரும் போடாமல் விட்டால் ஆர்டர் என் தலையிலேயே விழும். அப்புறம் தேதி தவறும், வெண்டர் ரேட்டிங்கில் டெலிவரி மார்க் சரியும். பக்கத்துப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் விடலாமா என்றும் யோசித்தேன். டிராயிங்கை வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் அந்த வழியும் அடைந்தது.

பேசாமல் விட்டுவிடவும் முடியாது. புதன்கிழமை காலையில் அவர்கள் பர்ச்சேஸில் இருக்கும் மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க, ஆனா சும்மா விட்றாதீங்க. மூணு ஆர்எஃப்கியூவுக்குப் பதில் வரலைன்னா எங்க சிஸ்டத்துல உங்க கோட் இன்ஆக்டிவ் ஆயிரும். கொட்டேஷன் தர முடியலைன்னு ரிக்ரெட் போட்டா அது பதில் கணக்குல வந்துரும்" என்றார். அவர்கள் கம்பெனி விதி அது. மற்ற இடங்களில் வேறு மாதிரி இருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது.

அவர்கள் வெண்டர் போர்ட்டலில் அந்த ஆர்எஃப்கியூவைத் திறந்தால் Decline to Respond என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் காரணம் கேட்கும். "கெபாசிட்டி இல்லை" என்று மட்டும் போட்டு விட மனம் வரவில்லை. அப்படி எழுதினால் இந்தப் பட்டறைக்கு எப்போதுமே ஆகாது என்றுதான் படிப்பவர் நினைப்பார். தனியாக மெயிலும் போட்டேன். ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"இந்த ஆர்எஃப்கியூ எண்ணுக்கு எங்களால் கொட்டேஷன் தர இயலவில்லை. மாதம் 1,000 பீஸுக்கு வேண்டிய மெஷின் நேரம் இப்போது எங்களிடம் இல்லை. இதே அளவு வேலைகளில் மாதம் 250 பீஸ் வரை உடனே எடுக்க முடியும். டிராயிங்கை அழித்துவிட்டோம், யாருக்கும் தரவில்லை. வெண்டர் லிஸ்ட்டில் எங்களைத் தொடர்ந்து வைத்திருக்கவும், அடுத்த ஆர்எஃப்கியூக்களை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம்."

முதலில் எழுதியதில் எங்கள் மற்ற கஸ்டமர்களின் பெயர், ஆப்பரேட்டர் ஒருவர் நின்றுபோன கதை எல்லாம் இருந்தது. அனுப்பும் முன் அடித்துவிட்டேன். பட்டறையின் தள்ளாட்டத்தை நாமே எழுதிக் கொடுப்பானேன்? 250 என்ற எண்ணை மட்டும் விடவில்லை. பர்ச்சேஸில் இருப்பவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

"நோட்டட்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. நான்கு மாதம் கழித்து பேரிங் ஹவுசிங் ஒன்றுக்கு ஆர்எஃப்கியூ வந்தது, மாதம் 200 பீஸ். மெயிலைத் தேடி எடுத்து அனுப்பினார்களா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து கொட்டேஷன் போட்டேன். ரேட்டில் வேறொருவர் கீழே போய்விட்டார், ஆர்டர் அவருக்கு. போர்ட்டலில் என் கோட் இன்னும் Active என்றுதான் காட்டுகிறது.