கூட்டக் குறிப்பின் இரண்டாம் பத்தி

ஜூலை 8
தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் நன்றாகப் போயிற்று. இயக்குநர் இரண்டு முறை "அருமையான கவனிப்பு" என்றார். இரண்டாவது முறை என்னைப் பார்த்துச் சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யும் ம. இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்.

ஜூலை 9
அவசரப் பிரிவிலிருந்து வந்த மாதிரியில் பொட்டாசியம் 6.1. சீரம் ரோஸ் நிறம். மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னோம்: 4.2.

ஜூலை 10
கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்துவிட்டது. இரண்டாம் பத்தி: "ரத்த மாதிரிகள் ஹீமோலைஸ் ஆவதைக் குறைக்க ஆய்வக மேற்பார்வையாளர் முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது." மேற்பார்வையாளர் நான்தான். யோசனை என்னுடையது அல்ல.

எல்லோரும் சென்ட்ரிஃபியூஜைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, ம. மட்டும் அவசரப் பிரிவில் போய் நின்று பார்த்தார். அங்கே ட்ரிப் ஏற்றப் போட்ட கேனுலாவிலிருந்தே சிரிஞ்சால் ரத்தத்தை இழுத்து, டியூப் மூடியில் குத்திப் பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். அந்த வேகத்தில் சிவப்பணு உடைகிறது, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. நோயாளிக்கு ஒன்றுமில்லை, ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்துகிறது. அவருடைய கோடு போட்ட நோட்டில் தேதி, வார்டு, பிறகு 'கே' அல்லது 'ஊ' (கேனுலாவா, தனி ஊசியா), கடைசியில் சீரத்தின் நிறம். ரோஸ் என்று எழுதிய வரிகளில் பெரும்பாலும் 'கே'. இதற்குமேல் ஒரு விளக்கமும் தேவையில்லை. நான் அந்த நோட்டை வாங்கி, வண்ணப் பட்டைகளாக மாற்றிக் கூட்டத்தில் ஸ்லைடில் காட்டினேன்.

ஜூலை 11
ம. மின்னஞ்சலைப் பார்த்துவிட்டார். "சார், என் நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது. வேண்டும்." அவ்வளவுதான்.

ஜூலை 13
கடிதம் எழுதிக் கிழித்தேன். நேரம் போதவில்லை, 'ஆய்வகம்' என்றால் எல்லோரும்தானே, பதற்றத்தில் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு வரியும் எனக்காக வாதாடுகிறது. ஸ்லைடு செய்ய ஒரு வாரம் இருந்தது. என்ன பதற்றம்?

ஜூலை 14
மாதிரி வாங்கும் ஜன்னலுக்கு அருகில் சொல்லிவிட்டேன். உங்கள் வேலையை என் பெயரில் காட்டினேன், தவறு, மன்னிக்க வேண்டும் என்று.

டியூப்களைச் சரிபார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. "என்னிடம் சொல்கிறீர்கள். அன்றைக்குக் கேட்டவர்கள் வேறு ஆட்கள் சார்."

எப்படித் திருத்தலாம் என்று அவரையே கேட்டேன். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு, கூட்டத்தில் தன்னை எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைக்கக் கூடாது என்றார். இரண்டாம் பத்தி மாற வேண்டும். புதிய செயல்முறை ஆவணத்தில் 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயர் வர வேண்டும். பதவி உயர்வுக் கோப்பில் வைக்க அந்தத் தாள்தான் உதவும், பாராட்டு உதவாது. இது எனக்குத் தோன்றியிருக்காது. நானாகத் திருத்தியிருந்தால் பூங்கொத்துதான் வாங்கியிருப்பேன்.

ஜூலை 15
சுற்றுக்கு விட்ட குறிப்பை ஓசையில்லாமல் மாற்ற முடியாது என்றார் தர அலுவலர். அடுத்த கூட்டத்தின் முதல் அலுவலே முந்தைய குறிப்பை உறுதிசெய்வது, திருத்தத்தை அங்கே பதிவுசெய்யலாம். அதற்கு ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை எல்லோர் மனதிலும் அது என் யோசனையாகவே இறுகிவிடும். அதனால் குறிப்பு போன அத்தனை பேருக்கும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதினேன்:

"8ஆம் தேதி நான் காட்டிய தரவைத் திரட்டியவரும், தனி ஊசியில் ரத்தம் எடுக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் ம. அதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. இரண்டாம் பத்தியை அதன்படி திருத்தக் கோருகிறேன். இது பற்றிய கேள்விகளை இனி அவரிடமே கேட்கவும்."

அனுப்பும் முன் ம.விடம் காட்டினேன். 'அயராத உழைப்பால்' என்று இருந்ததை அடிக்கச் சொன்னார்.

ஜூலை 16
இயக்குநரின் பதில், எல்லோருக்கும்: "உங்கள் பெருந்தன்மை பாராட்டுக்குரியது."

கடவுளே. திருத்தத்துக்கும் எனக்கே மாலையா? ம. படித்துவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

ஜூலை 17
இயக்குநரை அறையில் பார்த்து, பாராட்ட வேண்டியவர் நான் இல்லை என்றேன். "சரி, சரி" என்றார். புரிந்ததா தெரியவில்லை.

ஜூலை 21
அவசரப் பிரிவு மருத்துவர் ம.வை நேராகத் தொலைபேசியில் அழைத்தார். நரம்பு கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது? "கேனுலாவிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் மெதுவாக இழுங்கள் டாக்டர். டியூபுக்கு மாற்றும்போது பிஸ்டனை அழுத்தவே வேண்டாம், வெற்றிடம் தானே இழுத்துக்கொள்ளும்." என்னைக் கேட்டிருந்தால் மாதிரியைத் திருப்பி அனுப்புவோம் என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

என்னிடம் இன்னும் வேலைப் பேச்சு மட்டும்தான்.

ஆகஸ்ட் 12
திருத்தம் பதிவாகிவிட்டது. கைதட்டல் இல்லை.

ஆகஸ்ட் 14
செயல்முறை ஆவணம் அச்சாகி வந்தது. ம. வாங்கிப் பார்த்தார். இனிஷியல் தப்பு.