முற்றம் கைவிட்டு மாடம் ஏறிய கதை

செங்கோட்டையில் எங்கள் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் பெயரே இல்லாமல்தான் விற்றுக்கொண்டிருந்தது. வீட்டுப் பாத்திரத்தோடு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுப்போம், கடைகளுக்கு டின்னில் போகும். புளியரை தாண்டி கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர் பக்கமும் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கலாம் என்று முடிவானதும்தான் பெயர் என்ற பேச்சே வந்தது.

அத்தான் சொன்ன பெயர் 'முற்றம்'. சொன்ன உடனே எல்லோருக்கும் பிடித்தது. கொப்பரை காய்வது முற்றத்தில். காய் நன்றாக முற்றினால்தான் கொப்பரையில் எண்ணெய் நிற்கும், அந்த 'முற்று' பெயருக்குள்ளேயே இருக்கிறது. இதெல்லாம் போக, மலையாளத்திலும் இதே சொல், இதே பொருள். எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அந்தக் காலத்தில் மலையாளம் படித்த பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டதற்கு, "அவங்களும் முற்றம்னுதாம்டே சொல்லுவாங்க" என்றார். இரண்டு பக்கமும் ஒரே பெயர் என்றால் வேறென்ன வேண்டும்?

டிசைனருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைக்கலாம் என்றேன். வெள்ளைத் தாளில் பெயரைத் தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என்று அச்சடித்துத் தனித்தனிப் பாட்டில்களில் ஒட்டினேன். படமோ விளக்கமோ எதுவும் இல்லை. அதைக் கையில் கொடுத்து, "இதை வாசிங்க" என்பேன். அர்த்தம் என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் ஆட்கள் யோசித்து நல்ல அர்த்தமாகச் சொல்லிவிடுவார்கள். கடையில் நிற்கிறவர் யோசிப்பதில்லை, கண்ணில் பட்டதை வாயால் சொல்வார். நமக்கு வேண்டியது அந்த முதல் வாசிப்பு.

தமிழ் எழுத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் பேச்சில் இருந்தது. எங்கள் பக்கம் காலையில் எழுந்ததும் வீட்டில் கேட்கிற கேள்வியே "முத்தம் தெளிச்சாச்சா?" என்பதுதான். வாசல் தெளிப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, ஒரு லிட்டர் முத்தம் குடுங்க" என்று கடையில் கேட்டால் நிலைமை வேறு. மலையாளத்திலும் 'முத்தம்' என்றால் அதேதான், அங்கேயும் தப்ப வழியில்லை. இருந்தாலும் சிரித்துவிட்டுப் போவார்கள், பெயரும் நினைவில் நிற்கும் என்று அத்தான் வாதாடினார். அது சரியான வாதம்தான். கேலிக்கு ஆளாகிற பெயர் எல்லாம் கெட்ட பெயர் இல்லை.

பெயர் உடைந்தது ஆங்கில எழுத்தில்தான். உணவுப் பொருள் லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரரின் பில்லிங் கணினியிலும் வாட்ஸ்அப் ஆர்டரிலும் பெயர் ஆங்கில எழுத்தில்தான் ஓடும். ஆகவே நாம் என்னதான் தமிழில் பெயர் வைத்தாலும், அதிகம் பேர் படிக்கப்போவது ஆங்கில எழுத்து வடிவத்தைத்தான்.

'முற்றம்' என்பதைத் தமிழர்கள் வழக்கமாக எழுதுகிற முறையில் MUTRAM என்று எழுதினோம். ஆங்கில எழுத்துக்கு மாறும்போது இரண்டு விஷயங்கள் தொலைகின்றன. முதலாவது, குறில் நெடில் வித்தியாசம்: U என்றால் 'மு'வா 'மூ'வா என்று தெரியாது. இரண்டாவது, T என்பது 'ற்'றா, 'ட்'டா, 'த்'தா என்று தெரியாது. இந்த இரண்டையும் தவறான பக்கம் சேர்த்து வாசித்தால் 'மூத்ரம்' வந்துவிடும். பொன்னிறத்தில் ஒரு பாட்டில் எண்ணெய், அதன் மேல் இந்தப் பெயர்!

இது எங்கள் கற்பனையில் வந்த பயம் இல்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஆந்திர, தெலங்கானா வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். டீக்கடை முன்னால் நின்ற ஒரு சாமியிடம் பாட்டிலைக் கொடுத்தேன். வாசித்தார், என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் அதையே வாசித்துச் சிரித்தார். தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசிப்பே கிடையாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. புனலூர்க் கடையில் ஒரு சேட்டனும் கொஞ்சம் தயங்கி அதே இடத்துக்குத்தான் வந்தார்.

எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்த்தோம். மலையாளிகள் இந்தச் சொல்லை MUTTAM என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் அவர்கள் வாயில் 'ற்ற' என்பது கிட்டத்தட்ட ஆங்கில TT. அதைத் தமிழரிடம் காட்டினால் 'முட்டம்' என்றார்கள். புனலூரில் ஒரு பையன் முதல் பாதியோடு நிறுத்தி 'முட்ட' என்றான், அதாவது கோழி முட்டை. கோயில் விளக்குக்கும் வாங்குகிற எண்ணெய்க்கு அது ஆகாது. MUTHAM என்று போட்டால் பழையபடி முத்தம். MUTTRAM என்று ஒரு T சேர்த்தால் நமக்கு நிம்மதியாகத் தெரியும், வாசிக்கிறவருக்கு ஒன்றும் மாறுவதில்லை. ஒரு சொல்லைக் காப்பாற்ற எழுத்து மேல் எழுத்து சேர்க்க வேண்டியிருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி. அத்தானுக்கு மனசே இல்லை, ஆனால் விட்டார்.

அடுத்து வந்த பெயர்கள் சீக்கிரமே விழுந்தன. 'நெற்று' நல்ல பெயர், முற்றிக் காய்ந்த தேங்காய். NETRU என்று எழுதியதும் அக்கா 'நேற்று' என்று வாசித்தாள். நேற்றைய எண்ணெயை யார் வாங்குவார்கள்? 'மதி' என்றால் நிலா, அறிவு, 'மதிப்புக் கொடு' என்றுகூட வரும். ஆனால் மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்'. MATHI என்று எழுதினால் மத்தி மீனும் சேர்ந்துகொள்ளும். 'சாரல்' என்று ஒருவர் சொன்னபோது சிரித்தது செக்கில் வேலை செய்யும் அண்ணன்தான். வெளியூர்க்காரனுக்குச் சாரல் என்றால் குற்றாலம். எங்களுக்கோ, காய்கிற கொப்பரை மேல் சாரல் விழுந்தால் பூஞ்சை, அப்புறம் எண்ணெயில் சிக்கு வாடை. அகராதியில் இல்லாத அர்த்தம் தொழில் செய்கிறவர்களிடம் இருக்கும், அவர்களிடமும் கேட்க வேண்டும்.

'மாடம்' அக்கா சொன்னது. சுவரில் விளக்கு வைக்கிற மாடம், மாளிகையின் மேல்தளம், இரண்டும் ஒரே சொல். எண்ணெய்க்கும் விளக்குக்கும் உள்ள உறவு தெரியும், ஆனால் எண்ணெயை நேராக விவரிக்காது. இது ஏன் முக்கியம் என்பது டிரேட்மார்க் பதிவு செய்யப் போனபோது புரிந்தது.

அதற்கு முன்னால் அதே சோதனை. MADAM என்று எழுதினால் சொல்லவே வேண்டாம், எல்லோரும் 'மேடம்' என்றார்கள். MAADAM என்று A-யை இரட்டித்தபோது பாதிப் பேர் 'மாடம்' என்றார்கள், மிச்சப் பேர் அப்போதும் 'மேடம்' என்றார்கள், ஓரிருவர் 'மடம்'. கேரளத்தில் 'மாடம்' என்றால் குடிசை என்றும் எடுத்துக்கொள்வார்கள், ஏறுமாடம் என்று மரத்து மேல் கட்டுகிற குடில் இருக்கிறதே, அந்த மாடம். கடைசி எழுத்து மாறி 'மாடன்' ஆனால்? எங்கள் பக்கம் சுடலைமாடன் சாமி, அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. எல்லையைத் தாண்டினால் அந்தப் பெயருக்குப் பேய்க்கதை வாடை கொஞ்சம் உண்டு. ஆனால் அச்சில் M இருக்கிறது, யாரும் N என்று வாசிக்கவில்லை. போனில் சொல்லி எழுதச் சொன்னோம், அதிலும் 'மாடன்' வரவில்லை.

எல்லா வாசிப்பையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் "ஒரு லிட்டர் ... குடுங்க", "... தீர்ந்துபோச்சு", "... வாடை அடிக்குது" என்ற மூன்று வாக்கியங்களில் போட்டுச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். மூன்றாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும். கோபத்தில் இருக்கிற வாடிக்கையாளர்தான் பெயரை வைத்து விளையாடுவார். 'மேடம் வாடை அடிக்குது' என்பது இருப்பதிலேயே மோசமான வாக்கியம். அக்கா யோசித்துவிட்டு, "அது பரவால்ல, தாங்கிக்கலாம்" என்றாள்.

டிரேட்மார்க் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். சொல்லை அப்படியே தேடினால் போதாது, ஒலி ஒற்றுமைத் தேடல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தாளில் எழுதிய வாசிப்பு ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உச்சரிப்பில் ஒத்துப்போனாலே ஆட்சேபம் வரலாம். பொருள் எந்த வகுப்பு என்ற எண்ணும் கொடுக்க வேண்டும்: சமையல் எண்ணெய் 29, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3. தேங்காய் எண்ணெய் இரண்டும்தானே என்று நினைப்போம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிறு பாக்கெட்டில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாகவே பார்க்கலாம் என்று சொன்னது வரி விஷயத்தில். மார்க் பதிவில் எந்த வகுப்பில் கேட்கிறோமோ அதற்குத்தான் பாதுகாப்பு. மேடம், மாடம் மாதிரிப் பெயர்களுக்கு அழகுசாதன வகுப்பான 3-இல் நெரிசல் அதிகம் இருக்கும் என்று ஏஜெண்ட் எச்சரித்தார். நாங்கள் 29 மட்டும் கேட்டோம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய், மற்றவர்களுக்கு 9000.

விண்ணப்பத்தில் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில எழுத்து வடிவமும் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். இரண்டு அர்த்தம் உள்ள சொல்லுக்கு எதைக் கொடுப்பது? சாதகமானதை மட்டும் எழுதலாமா என்று கேட்டேன். ஏஜெண்ட் வேண்டாம் என்றார். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் எல்லாம் சென்னைப் பதிவகத்தின் கீழ்தான் வருகின்றன, அங்கே தமிழ் தெரிந்தவர் பார்க்க மாட்டார் என்று நம்ப முடியாது. விளக்கு மாடம், மேல்தளம் இரண்டையும் எழுதினோம். பொருளின் தரத்தையோ வகையையோ சொல்கிற சொல்லாக இருந்தால் ஆட்சேபம் வரும். 'மணம்', 'செக்கு' மாதிரிப் பெயர்களை எண்ணெய்க்கு வாங்குவது அதனால்தான் கஷ்டம்.

விண்ணப்ப எண் கிடைத்ததும் TM என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் R போடுவது பதிவு முடிந்த பிறகுதான், முன்னாடியே போட்டால் குற்றம். பதிவகத்தின் பரிசோதனை முடிந்து டிரேட்மார்க் இதழில் வெளியானால் அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எங்களுடையது இன்னும் பரிசோதனையில் இருக்கிறது. அதுவரை லேபிள் சிறிய அளவில்தான் அச்சடிக்கிறோம்: 'மாடம்' தமிழில் பெரிதாக, அதன் கீழே அதே அளவில் மலையாள எழுத்தில், MAADAM சின்னதாக பின்பக்கம்.