கரும்புக்காட்டு வரப்பில் நின்ற பூனை

மச்சான் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி, "சிறுத்தைக்குட்டியா பாருங்க" என்றான். கரும்புக்காட்டு வரப்பில் பக்கவாட்டில் நிற்கும் ஒரு பூனை. சிறுத்தைக்குட்டி இல்லை, உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. சிறுத்தைப்பூனையும் இல்லை, அதற்கும் உடம்பெல்லாம் புள்ளி இருக்கும், காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டும் இருக்கும்.

அப்புறம் வீட்டு வரிப்பூனையா, காட்டுப்பூனையா? நான் முதலில் பார்ப்பது வாலைத்தான். வீட்டுப்பூனையின் வால் நீளம், தொங்கவிட்டால் தரையைத் தொடுமளவு வரும். இதற்கோ பின்னங்கால் மூட்டோடு முடிந்துவிட்டது. நுனி கறுப்பு, அதற்கு மேல் இரண்டு மூன்று வளையம். கால்கள் நெடுநெடுவென்று இருந்தன. விலாவில் வரியே இல்லை, வெறும் மணல் நிறம். முன்னங்காலின் உட்புறத்தில் மட்டும் கறுப்புப் பட்டை. பெரிதாக்கிப் பார்த்தால் காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர்க்குச்சம். காட்டுப்பூனையேதான்.

ஒன்று, குட்டியாக இருந்தால் இந்தக் கணக்கு தப்பும். காட்டுப்பூனைக் குட்டிக்கும் உடம்பில் வரி இருக்கும், வளர வளரத்தான் மங்கும். கரும்பு வெட்டும்போது கிடைக்கும் குட்டிகளை வீட்டுப்பூனை என்று தூக்கிவந்துவிடுவதும் இதனால்தான். மச்சானிடம் சொல்லிவிட்டேன், குட்டி கண்ணில் பட்டால் தொடாதே, தாய் இருட்டியதும் வந்து எடுத்துப்போகும் என்று. "கோழி போகுதே" என்கிறான். சரி, எலியும் போகுதே!